ஒரு சார்ட் தாளில் தமிழ்நாடு

என் பெரியப்பா ஓய்வு பெற்ற நாளிலிருந்து பாடல் பெற்ற தலங்களுக்குப் போய்வந்துகொண்டிருக்கிறார். போன இடத்தில் எல்லாம் கைப்பேசியைத் திறந்து, அங்கே காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கோடு போட்ட நோட்டில் எழுதிவைப்பது அவர் வழக்கம். ஒருநாள் நோட்டோடு வந்து நின்றார். "இந்த எண்ணையெல்லாம் ஒரு சார்ட்டில் புள்ளியா வச்சுக் குடுடா. கூடத்துச் சுவரில் மாட்டணும். கடையில விக்கிற மேப்பு வேணாம், நான் போன ஊர் எதுவும் அதில இல்ல" என்றார்.

எளிய வேலை என்றுதான் நினைத்தேன். கடையில் வாங்கிய சார்ட் தாள் 22 அங்குலத்துக்கு 28 அங்குலம், அதாவது ஏறக்குறைய 56 செ.மீ. அகலம், 71 செ.மீ. உயரம். தமிழ்நாடு வடக்கு அட்சரேகை 8 பாகைக்குச் சற்று மேலே தொடங்கி 13 பாகையைத் தாண்டி முடிகிறது. கிழக்கு தீர்க்கரேகை 76-க்கும் 81-க்கும் நடுவில் அடங்கிவிடுகிறது. ஒரு பாகைக்கு 10 செ.மீ. என்று வைத்தால் 8 முதல் 14 வரை 60 செ.மீ. உயரம், 76 முதல் 81 வரை 50 செ.மீ. அகலம். தாளில் சரியாக உட்காரும். 76-ஐக் கழித்துப் பத்தால் பெருக்கினால் இடப்பக்கக் கோட்டிலிருந்து தூரம், 8-ஐக் கழித்துப் பத்தால் பெருக்கினால் அடிக்கோட்டிலிருந்து உயரம். முடிந்தது கணக்கு.

அப்படியே செய்திருந்தாலும் பெரியப்பாவுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் அதில் ஒரு பிழை இருக்கிறது. வடக்கு தெற்காக ஒரு பாகை என்பதும், கிழக்கு மேற்காக ஒரு பாகை என்பதும் ஒரே நீளம் அல்ல.

ஒரு பறங்கிக்காயைக் காம்பு மேலே இருக்கும்படி வைத்துப் பாருங்கள். மேலிருந்து கீழாக ஓடும் வரிகள்தான் தீர்க்கரேகைகள். நடு வயிற்றில் இரண்டு வரிகளுக்கு இடையே கட்டைவிரல் அகலம் இருந்தால், மேலே போகப் போக அது ஒடுங்கிக் காம்பில் எல்லா வரிகளும் ஒன்றாகிவிடும். இனி காயைக் கிடைமட்டமாக வெட்டினால் கிடைக்கும் வட்டங்கள் அட்சரேகைகள். நடுவில் வெட்டிய வட்டம் பெரிது, காம்புக்குப் பக்கத்தில் வெட்டியது சிறிது. பூமியைச் சரியான உருண்டை என்று கொண்டால், அந்தச் சிறிய வட்டம் நடு வட்டத்தில் எத்தனை பங்கு என்பதைச் சொல்லும் எண்தான் பள்ளிக்கூடத்தில் படித்த கொசைன். அட்சரேகை 60 பாகையில் கொசைன் சரியாக அரை. அங்கே பூமியைச் சுற்றிவரும் தூரம் பூமத்தியரேகையில் சுற்றிவருவதில் பாதிதான்.

பூமியின் சராசரி ஆரம் 6371 கி.மீ. அதன் சுற்றளவை 360-ஆல் வகுத்தால் ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. வருகிறது. வடக்கு தெற்காக எங்கே அளந்தாலும் இதுதான். கிழக்கு மேற்காக அளந்தால் அந்த இடத்தின் கொசைனால் பெருக்க வேண்டும். தமிழ்நாட்டின் நடுவாக 11 பாகையை எடுத்துக்கொண்டால் கொசைன் 0.9816. ஒரு தீர்க்கரேகைப் பாகை 109.2 கி.மீ. ஆக, செங்குத்தில் ஒரு பாகைக்கு 10 செ.மீ. கொடுத்தால், கிடையில் 9.816 செ.மீ. கொடுப்பதுதான் நியாயம். தமிழ்நாட்டின் அகலம் 50 செ.மீ. அல்ல, 49.1 செ.மீ.

மொத்தச் சூத்திரமே இவ்வளவுதான். எக்செல்லில் ஊர் பெயர் முதல் பத்தியிலும், அட்சரேகை இரண்டாம் பத்தியிலும், தீர்க்கரேகை மூன்றாம் பத்தியிலும் இருந்தால் இப்படி எழுதலாம்:

```
x:  =(C2-76)*COS(RADIANS(11))*10
y:  =(B2-8)*10
```

76, 8 இரண்டும் தாளின் இடது கீழ் மூலை. 10 என்பது அளவை. 11 என்பது நாம் தேர்ந்தெடுத்த அட்சரேகை. இதைத் திட்ட அட்சரேகை என்பார்கள். வரைபடக்கலையில் இந்த முறைக்குச் சம இடைவெளி உருளை வீழ்ப்பு என்று பெயர். பூமியைச் சுற்றி ஒரு தாளைக் குழாய்போலச் சுற்றி, பிறகு விரித்ததுபோல எல்லாத் தீர்க்கரேகைகளும் நேராக, இணையாக, சம தூரத்தில் நிற்பதால் ‘உருளை’. உள்ளே விளக்கு ஏற்றி நிழலை விழவைத்ததாகப் படம் போட்டு விளக்குவதுண்டு. இந்த வீழ்ப்புக்கு அந்தப் படம் பொருந்தாது. நிழலாக விழுந்தால் அட்சரேகைகளின் இடைவெளி மேலே போகப் போக விரியும். இங்கே விளக்கும் இல்லை, நிழலும் இல்லை. கழித்தல், பெருக்கல் மட்டுமே.

ஒரு சோதனை போட்டுப் பார்த்தேன். சென்னை 13.08, 80.27. இடப்பக்கத்திலிருந்து 41.9 செ.மீ., அடியிலிருந்து 50.8 செ.மீ. மதுரை 9.92, 78.12. இடப்பக்கத்திலிருந்து 20.8, அடியிலிருந்து 19.2. இரண்டு புள்ளிக்கும் நடுவே அளவுகோலை வைத்தால் 38 செ.மீ. தாளில் ஒரு செ.மீ. என்பது நிலத்தில் 11.12 கி.மீ. பெருக்கினால் 422.6 கி.மீ. உருண்டையின் மேல் நேர்தூரத்தைக் கணக்கிடும் பெரிய சூத்திரத்தில் அதே எண்களைப் போட்டால் 422.3 கி.மீ. வருகிறது. அளவுகோலும் பென்சிலும் வைத்து அளந்ததில் 300 மீட்டர் வித்தியாசம்! பென்சில் முனையே அதைவிடத் தடிமன்.

கொசைனை விட்டுவிட்டு முதலில் நினைத்தபடி செய்திருந்தால் 425 கி.மீ. வந்திருக்கும். மூன்று கி.மீ.க்குள் பிழை. இதற்காகவா இத்தனை பாடு என்று கேட்கலாம். தமிழ்நாட்டுக்குள் மட்டும் வேலை என்றால் கேள்வி நியாயமானதே. பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் பிறந்ததால் நமக்குக் கிடைத்த சலுகை இது. உண்மையில் பூமி துருவங்களில் சற்றுத் தட்டையானது. நம் பக்கத்தில் அட்சரேகைப் பாகை ஒன்று 110.6 கி.மீ.தான். அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் சென்னை – மதுரை நேர்தூரம் சுமார் 421 கி.மீ. ஆக, நான் செய்த பிழைகளில் பெரியது வீழ்ப்பால் வந்ததல்ல, பூமியை உருண்டை என்று எடுத்துக்கொண்டதால் வந்தது. சுவர் சார்ட்டுக்கு அது போதும். நிலம் அளந்து எல்லைக்கல் நட இது உதவாது.

ஆனால் அந்தச் சலுகையோடு வடக்கே போனால் அகப்பட்டுக்கொள்வோம். ஆஸ்லோவும் ஸ்டாக்ஹோமும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில், 60 பாகையை ஒட்டி இருக்கின்றன. தீர்க்கரேகை வித்தியாசம் 7.32 பாகை. கொசைன் போடாமல் கணக்கிட்டால் அவற்றுக்கு இடையே 816 கி.மீ. உண்மையில் 416-ஐ ஒட்டித்தான் வரும். கூட்டல் கழித்தலில் ஒரு தவறும் இல்லாமலேயே நானூறு கி.மீ. பிழை.

இந்தக் கொசைனை முதலில் கண்டுகொண்டது யார் என்று தேடினால் கி.பி. 100-ஐ ஒட்டி வாழ்ந்த தீர் நகரத்து மாரினஸ் என்பவரிடம் போய் நிற்கும். அவர் எழுதியது எதுவும் மிஞ்சவில்லை. அடுத்த தலைமுறையில் அலெக்சாண்டிரியாவில் இருந்த தாலமி அவரைக் குறைகூறி எழுதியதால்தான் நமக்குத் தெரிகிறது. மாரினஸ் ரோட்ஸ் தீவு வழியாகப் போகும் 36 பாகையைத் திட்டமாக வைத்துக்கொண்டார். அங்கே தீர்க்கரேகைப் பாகைக்கும் அட்சரேகைப் பாகைக்கும் உள்ள விகிதம் நாலுக்கு ஐந்து. 36-இன் கொசைனைக் கணிப்பானில் தட்டினால் 0.809 வரும். அவர் கணக்கில் 0.8. உலகம் முழுவதற்கும் இந்த ஒரே விகிதத்தை நீட்டியதுதான் தவறு என்பது தாலமியின் வாதம். ஆனால் சுவாரசியம் அதற்குப் பிறகுதான். உலகப் படத்துக்கு வளைந்த கோடுகளைப் பரிந்துரைத்த அதே தாலமி, தம் நூலின் எட்டாம் பகுதியில் தனித்தனி நாடுகளின் படங்களுக்கு இந்த நேர்கோட்டு முறையே போதும் என்கிறார். ஒவ்வொரு நாட்டுக்கும் அதன் நடு அட்சரேகையின் விகிதத்தை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். பெரியப்பாவின் சார்ட்டுக்கு நான் 11-ஐ எடுத்ததும் அதே யோசனைதான். கொற்கையும் காவிரிப்பூம்பட்டினமும் பாண்டியர் மதுரையும் தாலமியின் பட்டியலில் அட்சரேகை, தீர்க்கரேகையோடு இருக்கின்றன. அந்த எண்களை அப்படியே நம் சூத்திரத்தில் போட்டால் தமிழகம் கிடைக்காது. அவருக்குக் கிடைத்த தகவல்படி இந்தியா தீபகற்பமாக நீளவே இல்லை, இலங்கையோ பூதாகாரமாக வீங்கியிருக்கிறது. சூத்திரம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் எண் தவறானால் அது என்ன செய்யும்?

இனி நான் செய்த தவறுகளுக்கு வருகிறேன். முதல் தடவை எக்செல்லில் COS(11) என்று எழுதிவிட்டேன். எக்செல் கோணத்தைப் பாகையாக எடுத்துக்கொள்ளாது. ரேடியனாக எடுத்துக்கொள்ளும். 11 ரேடியனின் கொசைன் 0.0044. உயரமெல்லாம் சரியாக இருந்தது. 60 செ.மீ. உயரத்துக்குக் கன்னியாகுமரியிலிருந்து திருவள்ளூர் வரை எல்லா ஊரும் வரிசையாக வந்துவிட்டன. ஆனால் தமிழ்நாட்டின் அகலம் இரண்டு மில்லிமீட்டர். ஊதுவத்திபோல ஒரு மாநிலம். இந்த மாதிரிப் பிழை நல்ல பிழை, பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். RADIANS என்ற சொல்லைச் சேர்த்ததும் சரியாயிற்று.

இரண்டாவது, இடம் மாறிப்போவது. கைப்பேசி முதலில் அட்சரேகையைச் சொல்கிறது. சூத்திரத்தில் முதலில் வரும் x-க்கோ தீர்க்கரேகை வேண்டும். சில மென்பொருள்கள் தீர்க்கரேகையை முதலில் கேட்கும், சில அட்சரேகையை. மாற்றிக் கொடுத்தால் சென்னை வட துருவத்தை ஒட்டி, ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு வடக்கே உறைந்த கடலில் போய் விழும். நம் சார்ட்டில் அது தாளுக்கு ஏழு மீட்டர் மேலே, ஆறு மீட்டர் இடப்பக்கம். இதுவும் கண்ணில் படும் பிழைதான். நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. தமிழ்நாட்டில் அட்சரேகை எப்போதும் 8-லிருந்து 13-க்குள் தொடங்கும், தீர்க்கரேகை 76-லிருந்து 80-க்குள். ஒன்றை இன்னொன்றாக எண்ணவே முடியாது.

மூன்றாவதுதான் நயவஞ்சகமானது. நோட்டின் முதல் பக்கங்களில் பெரியப்பா கைப்பேசி எண்களை எழுதவில்லை. ஒரு பழைய தலபுராணப் பதிப்பின் பின்னிணைப்பிலிருந்து எடுத்து எழுதியிருக்கிறார். அங்கே சிதம்பரம் 11 பாகை 24 கலை, 79 பாகை 42 கலை என்று இருந்திருக்கிறது. அதை அவர் 11.24, 79.42 என்று எழுதிவிட்டார். ஒரு பாகைக்கு 60 கலை. 24 கலை என்பது 0.24 பாகை அல்ல, 24-ஐ 60-ஆல் வகுத்த 0.40. சரியான எண்கள் 11.40, 79.70. தவறான எண்ணைப் போட்டால் புள்ளி தாளுக்கு வெளியே ஓடவில்லை, கடலிலும் விழவில்லை. மூன்று செ.மீ. தென்மேற்கே தள்ளி, கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில் சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது. அங்கேயும் ஒரு பெரிய சிவன்கோயில் இருப்பதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. பெரியப்பாதான் பார்த்தார். "தில்லை எங்கேடா இங்க வந்துச்சு? கொள்ளிடத்துக்கு வடக்கே, கடலுக்குக் கிட்டக்க இல்ல இருக்கணும்?"

இதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. பட்டியலில் புள்ளிக்குப் பின்னால் வரும் முதல் இரண்டு இலக்கங்களை மட்டும் வரிசையாகப் பாருங்கள். உண்மையான தசம எண்களானால் 60-க்கு மேல் 72, 85, 93 என்றெல்லாம் சகஜமாக வரும். முப்பது நாற்பது ஊர்களில் ஒன்றுகூட 59-ஐத் தாண்டவில்லை என்றால், அவை கலைகள். நோட்டில் முதல் நான்கு பக்கமும் அப்படித்தான் இருந்தன.

சார்ட்டின் ஓரக்கோட்டுக்காக நான் தேடிய குறுக்குவழியும் ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தது. கைப்பேசியில் வரும் வரைபடத்தைப் பெரிதாக அச்சிட்டு, அதன்மேல் புள்ளி வைத்தால் கடற்கரையை வரையும் வேலை மிச்சம் என்று தோன்றியது. அந்தப் படங்கள் பெரும்பாலும் 1569-இல் மெர்கேட்டர் வகுத்த வேறொரு உருளை வீழ்ப்பின் வழிவந்தவை. அதில் அட்சரேகைகளின் இடைவெளி வடக்கே போகப் போக விரியும். தமிழ்நாட்டு அளவுக்கு அந்த வித்தியாசம் நடுவில் ஒன்றரை மில்லிமீட்டர், அவ்வளவே. ஆனால் குமரிமுனையிலிருந்து காஷ்மீர் வரை ஒரே படமாக எடுத்து, மேலும் கீழும் சரியாகப் பொருத்தி, நடுவில் நம் நேர்க்கணக்கில் புள்ளி வைத்தால் கொல்கத்தா இருக்க வேண்டிய இடத்துக்கு வடக்கே எண்பது கி.மீ.க்கும் மேல் தள்ளி நிற்கும். இரண்டு முனைகளும் பொருந்தி, நடு மட்டும் ஒரே பக்கமாக நகர்ந்திருந்தால், எண்ணில் தவறு தேட வேண்டாம், அடியில் இருக்கும் படமே வேறு வகை என்று அர்த்தம். ஆகையால் முனைகளை மட்டும் வைத்துச் சோதிப்பது போதாது, நடுவில் ஒரு ஊரையும் வைத்துப் பார்க்க வேண்டும். கடைசியில் கடற்கரையில் ஐம்பது இடங்களின் எண்களை எடுத்து, அதே சூத்திரத்தில் போட்டு, புள்ளிகளைச் சேர்த்து நானே ஓரம் வரைந்தேன். கொஞ்சம் கோணல்தான். ஆனால் புள்ளிகளும் ஓரமும் ஒரே கணக்கில் வந்தவை.

கணினித் திரையில் இதைச் செய்பவர்களுக்கு ஒரே ஒரு மாற்றம். தாளில் நாம் அடியிலிருந்து அளக்கிறோம். திரையில் பிக்சல்களை மேலிருந்து எண்ணுகிறார்கள். அதனால் அட்சரேகையிலிருந்து 8-ஐக் கழிப்பதற்குப் பதில் 14-லிருந்து அட்சரேகையைக் கழிக்க வேண்டும். மறந்தால் கன்னியாகுமரி மேலேயும் சென்னை கீழேயும் வரும். பூமி முழுவதையும் காட்டும் செயற்கைக்கோள் படங்கள் பலவும் கொசைனை ஒன்று என்றே வைத்துக்கொண்ட வகைதான். அகலம் உயரத்தைப்போல் சரியாக இரண்டு மடங்கு இருப்பதை வைத்து அடையாளம் காணலாம். 3600 பிக்சல் அகலம், 1800 உயரம் உள்ள படத்தில் தீர்க்கரேகையோடு 180-ஐக் கூட்டிப் பத்தால் பெருக்கினால் கிடை, 90-லிருந்து அட்சரேகையைக் கழித்துப் பத்தால் பெருக்கினால் செங்குத்து. சென்னை 2703-ஆவது பிக்சலை ஒட்டி இருக்கும் என்று சொல்லலாமா? கூட்டிப் பாருங்கள்: 80.27-உடன் 180, பத்தால் பெருக்கினால் 2602.7. நானே மனக்கணக்கில் இப்படித் தவறியதுண்டு, நூறு பிக்சல் என்பது பத்துப் பாகை, வங்கக்கடலின் நடுவில் போய் விழும். அந்தப் படத்தின் முதல் வரியில் உள்ள 3600 பிக்சல்களும் ஒரே இடம்தான், வட துருவம். பறங்கிக்காயின் காம்பைக் காயின் வயிற்றளவுக்கு இழுத்து விரித்ததுபோல.

சார்ட்டில் காவிரிக் கரைதான் பிறகும் தொல்லை கொடுத்தது. இரு கரையிலும் சேர்த்து நூற்றுத் தொண்ணூறு தலங்கள். கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் நமக்கு இருப்பது மூன்று செ.மீ. புள்ளிமேல் புள்ளி. அளவையை 10-லிருந்து 50 ஆக்கி, மூலையை 78.5, 10.5 என்று மாற்றி, அந்தப் பகுதிக்குத் தனியாக இன்னொரு தாள் போட்டேன். சூத்திரத்தில் வேறெதையும் தொடவில்லை.

ஈழத்துத் தலங்கள் இரண்டில் திருக்கேதீச்சரம் சட்டத்துக்குள் வந்துவிட்டது. திருக்கோணமலை 81.25-இல் இருப்பதால் சட்டத்தைத் தாண்டி இரண்டரை செ.மீ. வெளியே, ஆனாலும் தாளின் விளிம்புக்குள். அங்கேயே புள்ளி வைத்தேன். பிறகு பெரியப்பா கேட்டார், "கயிலாயம்?"

கயிலைமலை 31.07, 81.31. 11 பாகைக்காக எடுத்த கொசைன் அங்கே செல்லாது. 31-இல் அது 0.857. நம் சார்ட்டை அப்படியே மேலே நீட்டினால் கயிலைப் பக்கத்து ஊர்கள் கிழக்கு மேற்காக ஏழில் ஒரு பங்கு அகன்று தெரியும். நடுவாக 19.5-ஐத் திட்டமாக்கலாம். அப்போது கயிலையில் அகலம் பத்து சதவீதம் கூடும், குமரியில் ஐந்து சதவீதம் குறையும். இரண்டு பேருக்கும் கொஞ்சம் கொஞ்சம் அநியாயம். இதையெல்லாம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "ஊருங்க அகலமாத் தெரிஞ்சா என்னடா, மலை எங்க வரும் அதைச் சொல்லு" என்றார்.

கணக்குப் போட்டேன். இடப்பக்கத்திலிருந்து 52 செ.மீ., அடிக்கோட்டிலிருந்து 231 செ.மீ. சார்ட்டின் அடிக்கோடு தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் இருக்கிறது. இரண்டையும் கூட்டினால் 322 செ.மீ. எங்கள் கூடத்தின் உயரம் பத்தடி, அதாவது 305. மீதி 17 செ.மீ.யில் கூரை கான்கிரீட்டின் தடிமனும் போய்விடும். பெரியப்பா டேப்பை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனார். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையில் சாக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறார்.